கேள்விக்குள் ஒளிந்து வரும் குற்றச்சாட்டு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் வரவு செலவைப் படித்து முடிக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இந்த வருஷமாவது சங்கப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுக்காம இருந்தீங்களா?" என்று கேட்கிறார். பொருளாளர் 'ஆமாம், எடுக்கவில்லை' என்றால் போன வருஷம் எடுத்திருக்கிறார் என்று ஆகிறது. 'இல்லை, எடுத்தேன்' என்றால் இந்த வருஷமும் எடுத்திருக்கிறார். ஒரு பைசாகூடத் தொடாதவருக்கு இந்த இரண்டில் எதுவும் பொருந்தாது.

கேட்டவர், "போன வருஷம் நீங்கள் பணத்தை எடுத்தீர்கள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் கூட்டமே அவரைப் பார்த்து, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருக்கும். அதையே கேள்வியாக்கியதும் நிலைமை மாறிவிட்டது. நிரூபிக்க வேண்டியவர் உட்கார்ந்துவிட்டார். விளக்க வேண்டிய பொறுப்பு பொருளாளர் தலையில் விழுந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு வாக்கியத்தை உடன்பாடாகச் சொல்லிப் பாருங்கள், எதிர்மறையாகச் சொல்லிப் பாருங்கள், கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். 'மணி குடியை விட்டுவிட்டான்', 'மணி குடியை விடவில்லை', 'மணி குடியை விட்டுவிட்டானா?' மூன்றிலும் அசையாமல் நிற்பது ஒன்றுதான்: மணி குடித்துக்கொண்டிருந்தான். மறுத்தாலும் கரையாமல் எது மிஞ்சுகிறதோ, அதுதான் கேள்வி முன்கூட்டியே எடுத்துக்கொண்ட செய்தி.

நம் பேச்சில் இந்தச் செய்தி எங்கெல்லாம் உட்காருகிறது என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். 'இன்னும்', 'மறுபடியும்', 'இப்போதாவது' எல்லாம் அதற்கு இடம் தரும் சொற்கள். 'ஏன்' என்று தொடங்கினாலே, செய்தது முடிவாகிவிட்டது, காரணம் மட்டுமே பாக்கி என்றாகிவிடும். ஆனால் சத்தமே இல்லாமல் வேலை செய்வது பெயரெச்சம். 'நீங்கள் மறைத்த பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது?' இதில் கேள்வி கடைசிச் சொற்களில்தான் இருக்கிறது. 'மறைத்த' என்பது பத்திரத்துக்கு அடைமொழி போல வந்து நின்றுவிடுகிறது. கேட்பவரின் மனம் 'யாரிடம்' என்பதற்குப் பதில் தேடிப் போய்விடும். "தம்பியிடம் இருக்கிறது" என்று சொல்லி முடித்த பிறகுதான், மறைத்ததை ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று உறைக்கும். சிலருக்கு உறைப்பதே இல்லை.

உறைக்காமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1975-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. பிறகு பாதிப் பேரிடம், "கிராமத்துச் சாலையில் போனபோது அந்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் என்ன வேகத்தில் போனது?" என்று கேட்டார்கள். மீதிப் பேருக்கும் அதே கேள்விதான். ஆனால் நடுவே 'தானியக் கொட்டகையைக் கடந்தபோது' என்று சேர்த்தார்கள். படத்தில் கொட்டகையே கிடையாது. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "கொட்டகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, முதல் பிரிவில் பார்த்தேன் என்றவர்கள் 2.7 சதவீதம். இரண்டாவது பிரிவில் 17.3 சதவீதம். பெரும்பாலோர் ஏமாறவில்லை என்பது உண்மை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஏமாந்தவர்களிடம் கொட்டகையைப் பற்றி யாரும் வாதாடவில்லை, வற்புறுத்தவில்லை. வேகத்தைத்தான் கேட்டார்கள். கவனம் வேகத்தின் மேல் இருந்த நேரத்தில் கொட்டகை நினைவுக்குள் குடியேறிவிட்டது.

இப்போது இதை ஒரு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பதிலைக் கேள்வியிலேயே எடுத்துக்கொடுப்பதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. ஒரு சாட்சியை அழைத்துவந்த தரப்பு, முதல் விசாரணையில், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிபதியின் அனுமதி இல்லாமல் அப்படிக் கேட்க முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. குறுக்கு விசாரணையில் அதற்கு இடம் உண்டு. அது நியாயம்தான். எதிர்த்தரப்புச் சாட்சியை உரசிப் பார்க்க வேறு வழி ஏது? எனக்குக் கவலை வேறோர் இடத்தில். செஷன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சியம் பொதுவாகக் கேள்வி பதிலாக எழுதப்படுவதில்லை. சாட்சியே கோவையாகச் சொன்னது போல எழுதப்படும். நீதிபதி நினைத்தால் ஒரு பகுதியைக் கேள்வி பதிலாகவே பதியலாம், ஆனால் வழக்கம் அது அல்ல.

"சண்டையில் கத்தியைப் போட்ட பிறகு எந்தப் பக்கம் ஓடினீங்க?" என்று ஒரு வக்கீல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் நிற்கும் சாட்சிக்குக் கடைசியில் கேட்ட 'எந்தப் பக்கம்' மட்டும் காதில் நிற்கிறது. "வடக்கால" என்கிறார். பதிவில் அது, 'நான் கத்தியைப் போட்டுவிட்டு வடக்கே ஓடினேன்' என்று வந்துவிடலாம். சாட்சியின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். கத்தி வக்கீலுடையது. கேள்வி மறைந்துபோன அந்தத் தாளைப் பின்னால் மேல்முறையீட்டில் படிக்கும் நீதிபதிக்கு, எது யார் சொன்னது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் விவரமான வக்கீல்கள் அந்த நொடியிலேயே எழுந்து, "கத்தி இருந்ததாகச் சாட்சி இன்னும் சொல்லவே இல்லை, முதலில் அதைக் கேட்கட்டும்" என்று ஆட்சேபிக்கிறார்கள். அல்லது அந்தக் கேள்வியை அப்படியே பதியச் சொல்கிறார்கள்.

சரி, வக்கீல் பக்கத்தில் இல்லாத நாம் என்ன செய்வது? மணிமேகலையில் அறவண அடிகள் விடைகளை நான்காகப் பிரிக்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. நேராகப் பதில் சொல்வது முதலாவது. கூறிட்டு மொழிதலுக்கு, 'செத்தவன் மறுபடி பிறப்பானா, மாட்டானா?' என்ற கேள்வி உதாரணம். பற்று அற்றவனா, அறாதவனா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 'முட்டை முந்தியதா, பனை முந்தியதா?' என்றால், 'எந்த முட்டைக்கு எந்தப் பனை?' என்று திருப்பிக் கேட்பது மூன்றாவது. நான்காவதுக்குத் தரும் உதாரணம்தான் நம் விஷயம்: 'ஆகாயப் பூ பழையதா, புதியதா?' ஆகாயத்தில் பூவே இல்லை. பழையது என்றாலும் பூ இருப்பதாக ஆகிவிடும், புதியது என்றாலும் அப்படியே. ஆகவே பேசாதிரு என்கிறது அந்நூல். எடுத்துக்கொண்டது பொய்யானால் உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்று 1950-இல் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் எழுதியதும் இதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது.

தருக்க மண்டபத்தில் மௌனம் சரி. சங்கக் கூட்டத்திலும் காவல் நிலையத்திலும் மௌனத்தைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அங்கே நான் கூறிட்டு மொழிதலையே நம்புகிறேன். பொருளாளர் இப்படிச் சொல்லலாம்: "உங்கள் கேள்வியில் இரண்டு இருக்கின்றன. போன வருஷம் நான் பணம் எடுத்தேன் என்பது ஒன்று. அது நடக்கவில்லை, எடுத்ததாகச் சொன்னால் எந்தத் தேதி, எந்த ரசீது என்று காட்டுங்கள். இந்த வருஷக் கணக்கு இதோ." வரிசை முக்கியம். ஒளிந்திருப்பதை முதலில் எடுத்து மேஜை மேல் வைத்துவிட வேண்டும். இந்த வருஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு அப்புறம் மறுத்தால், மழுப்புவதாகத்தான் தெரியும்.

எடுத்துக்கொள்வதெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்பதிலும் பஸ் உண்டு என்ற எண்ணம் இருக்கிறது. அது இருவரும் ஏற்றுக்கொண்டது, அதனால் பிரச்சினை இல்லை. ஒருவர் மட்டும் ஏற்றுக்கொண்டதை இருவருக்கும் பொதுவானதாக ஆக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

அந்தத் தப்பு அதிகம் நடப்பது குழந்தைகளிடம். "கண்ணாடியை ஏன்டா உடைச்ச?" என்கிறோம். "வேணும்னு உடைக்கலைப்பா" என்கிறது குழந்தை. உடைத்ததை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று முடிவு கட்டுகிறோம். தான் உடைக்கவே இல்லை என்று சொல்ல, பெரியவரின் கேள்வியையே தப்பு என்று சொல்ல வேண்டும். ஏழு வயதில் எந்தப் பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் வரும்? வகுப்பில் பணம் காணாமல் போனாலும், விளையாட்டில் ஒருவன் தலையில் அடிபட்டாலும் இதேதான். "என்ன நடந்துச்சு, நீ பார்த்ததைச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை, அவன் வாயிலிருந்து வராத ஒரு பெயரையோ ஒரு செயலையோ உங்கள் அடுத்த கேள்வியில் சேர்க்காதீர்கள்.