ஜன்னல் பிரேமைக் கழட்ட முன்ன ரோலரைப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். கண்டியில பேராதனை ரோட்டுப் பக்கம் பிளாட்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வர்றது உடனே விளங்கும், காலையில பஸ் ஹோர்ன் தொடங்கிட்டா ஜன்னலை மூடுனாலும் மூடாத மாதிரியே இருக்கும்.

எங்க அக்கா வீடும் அப்படித்தான், மூணாவது மாடி, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். பாக்க வந்த பாஸ்மார் எல்லாரும் "இதைக் கழட்டிட்டு வினைல் பிளாஸ்டிக் ஜன்னல் போடுங்க"ன்னே சொன்னாங்க, அக்காவும் காசு சேர்க்கத் தொடங்கிட்டா. நான் போய் ஒரு கடதாசித் துண்டை ஜன்னல் கதவுக்கும் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுவுல வச்சு, மூடி, லொக்கையும் போட்டு இழுத்துப் பாத்தேன். கீழ கொஞ்சம் பிடிச்சுச்சு, மேல சும்மா உருவிக்கிட்டு வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுது, கதவு சாஞ்சு நிக்குது.

கழட்டிப் பாத்தா கீழ இருக்கிற ரெண்டு ரோலர்ல ஒண்ணு துருப்பிடிச்சு இறுகி, உருளாம இழுபட்டே ஒரு பக்கம் தட்டையா தேஞ்சு போயிருக்கு. நம்ம மலைநாட்டு ஈரத்துக்கு இரும்பு பெயாரிங் இப்படித்தான் ஆகும். ஒரு ரோலர் இறங்குனா கதவு சாயும், கதவு சாஞ்சா பிறை மாதிரி சுத்துற அந்த லொக் எதிர்க்கொக்கியில முழுசா ஏறாது. அந்த லொக் கள்ளனுக்கு மட்டும் இல்லங்க, ரெண்டு கதவையும் ஒண்ணோட ஒண்ணு இழுத்து இறுக்குறதும் அதுதான். பக்கத்துல 'டக்'னு விழுற லொக் கொழுவும், இறுக்காது.

இடைவெளிதான் விஷயம், திரும்பவும் சொல்றேன், இடைவெளிதான். ஜன்னல் பரப்புல நூத்துல ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு தடிச்ச கண்ணாடி போட்டாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல சத்தத்தைக் குறைக்க ஏலாது.

துருப்பிடிக்காத பெயாரிங் வச்ச நைலோன் ரோலர் ரெண்டு, ஓரத்து இடைவெளியை அடைக்கப் புது பிரஷ் நாடா, அவ்வளவுதான் வாங்குனோம். கதவோட கீழ் மூலையில இருக்கிற ஸ்குரூவைத் திருப்பித் திருப்பி, கடதாசி மேலயும் கீழயும் ஒரே மாதிரி பிடிக்கிற வரைக்கும் உயர்த்துனோம். ஹோர்ன், ரோட்டுப் பேச்சு எல்லாம் நல்லாவே குறைஞ்சுது. பஸ் இன்ஜின் உறுமல் மட்டும் கேக்குது, அது மெல்லிசு கண்ணாடி வழியா வர்றது. ஒண்ணு, கீழ்த் தண்டவாளத்துல இருக்கிற சின்ன ஓட்டைகளை சத்தம் வருதுன்னு சிலிக்கன் போட்டு அடைச்சிராதீங்க, மழைத்தண்ணி வெளிய போறதே அது வழியாத்தான்.

நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க, வினைலைச் சுருக்கமா சொல்லிடுறேன். அதோட மூலையெல்லாம் உருக்கி ஒட்டுனது, அதனால அங்க வெடிப்பு குறைவு, குளிருக்கு சட்டத்துல தண்ணி முத்து முத்தா கோர்க்கிறதும் அலுமினியத்தை விடக் குறைவு. ஆனா வினைல்லயும் ஸ்லைடிங் வாங்குனா அதே பிரஷ், அதே ரோலர்தான். மாத்துறதுன்னே முடிவெடுத்தா வெளிய திறக்கிற கதவா, சுத்தி ரப்பர் வச்சு, ஒரு பிடியைத் திருப்புனா மேல நடுவுல கீழன்னு பல இடத்துல பூட்டுறதாக் கேளுங்க. வணக்கம்.