மொத்தத் தொகையில் ஒளிந்திருக்கும் ஜிஎஸ்டி

"அண்ணா, மிக்ஸி வாங்கினேன். பில்லில் 2950 ரூபாய், வரி உட்பட என்று மட்டும் போட்டிருக்கிறது. வரி 18 சதவீதமாம். 2950-ல் 18 சதவீதம் கழித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. வரி எவ்வளவு, வரிக்கு முன்னால் விலை எவ்வளவு?"

கால்குலேட்டரில் 2950 போட்டு மைனஸ் 18% தட்டியிருப்பீர்கள், 2419 என்று வந்திருக்கும். சரி, அந்த 2419-க்கு இப்போது 18 சதவீதம் கூட்டிப் பாருங்கள், 2854 ரூபாய் சொச்சம்தான் வரும், கிட்டத்தட்ட 96 ரூபாயைக் காணோம். கடைக்காரர் 18 சதவீதம் போட்டது அவருடைய விலையின் மேல். நீங்கள் கழித்ததோ வரியும் சேர்ந்து பெருத்துப்போன தொகையிலிருந்து, அதாவது வரிக்கும் சேர்த்து வரி எடுத்துவிட்டீர்கள்.

விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 18 சேர்ந்தால் 118. ஆக உங்கள் 2950 என்பது 118 பங்கு, அதில் 100 பங்கு பொருளுக்கு, 18 பங்கு வரிக்கு. 2950-ஐ 118-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 25 ரூபாய். விலை 2500, வரி 450, அவ்வளவுதான். நேரடியாக 2950-ஐ 1.18-ஆல் வகுத்தாலும் அதே 2500 வரும். உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தால் அந்த 450 பாதிப் பாதியாகப் பிரியும், மத்திய அரசுக்கு 225, மாநிலத்துக்கு 225.

இவ்வளவு முழுசாக எப்போதும் வராது. 1499 ரூபாய்ப் பொருளென்றால் விலை 1270.34, வரி 228.66 என்று பைசாவில் நிற்கும், பத்து பைசா அங்கே இங்கே என்றால் கவலைப்படாதீர்கள், அது ரவுண்ட் பண்ணியதால் வருவது. ஐந்து சதவீத வரிக்கு எனக்குப் பிடித்த ஒரு குறுக்குவழி உண்டு. 105-ல் 5 என்பது 21-ல் ஒன்று, அதனால் மொத்தத்தை 21-ஆல் வகுத்தாலே வரி வந்துவிடும். ஹோட்டலில் 420 ரூபாய் பில்லா? வரி 20, சாப்பாடு 400.

மளிகை பில்லில் மட்டும் இதை அப்படியே போட்டுவிடாதீர்கள். சில்லறையாக அளந்து தரும் அரிசிக்கு வரி இல்லை, குளியல் சோப்புக்கு 5, துணி துவைக்கும் பவுடருக்கு 18. மூன்றும் ஒரே மொத்தத்தில் கலந்திருந்தால் ஒரே எண்ணால் வகுப்பது தப்பு, ஒவ்வொரு பொருளின் தொகையையும் தனியாக எடுத்து வகுக்க வேண்டும். பொருள்வாரித் தொகை பில்லில் இல்லையென்றால் வரியைப் பிரிக்க வழியே இல்லை.

அப்புறம், பில்லின் தலைப்பையும் ஒரு தடவை பாருங்கள். 'Bill of Supply' என்று போட்டு, கூடவே 'composition taxable person' என்றும் இருந்தால் அந்தக் கடை உங்களிடம் வரி வசூலிக்கவே கூடாது. அந்த பில்லில் மொத்தம்தான் விலை, பிரிக்க ஒன்றும் இல்லை.