மூட்டை தூக்குனதால வந்த முதுகுவலியா இது? ருமட்டாலஜிஸ்ட்டுக்கு லெட்டர் எழுதுறது எப்படி

சின்ன கிளினிக் வச்சிருக்கிற டாக்டர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கும் இந்த வீடியோ. ஒரே ஒரு லெட்டரப் பத்தித்தான் பேசப்போறோம், ஆக்சியல் ஸ்பாண்டைலோ ஆர்த்ரைட்டிஸ், அதாவது முதுகுத்தண்டுலயும் இடுப்பு மூட்டுலயும் வர்ற அழற்சி வியாதி, அதச் சந்தேகப்பட்டு ருமட்டாலஜிஸ்ட்டுக்கு எழுதுற லெட்டர்.

[திரையில: பழைய லெட்டர்]

இது என்கிட்ட வந்த லெட்டர் மாதிரியே எழுதுனது. "நாள்பட்ட இடுப்பு வலி, ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், எம்ஆர்ஐல டிஸ்க் பல்ஜ், தயவுசெஞ்சு பாக்கவும்." அவ்ளோதான். இதப் படிச்சா யாருக்குமே அவசரம் தோணாது, டிஸ்க் கேஸ்னு நெனச்சு வரிசையில கடைசில போட்ருவாங்க. ஆர்ஏ ஃபேக்டருக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்ல, அது நெகட்டிவா இருக்குறதுல ஒரு தகவலும் கிடையாது.

இப்ப ஆளப் பாப்போம், கற்பனை ஆள்தான். 28 வயசு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மூட்டை எறக்குறவரு. மூணு வருசமா வலி. வீட்ல, கடையில, எல்லாரும் ஒரே பேச்சு, "மூட்டை தூக்குறேல்ல, வலிக்காம என்ன செய்யும்". அவரும் அதையேதான் சொல்லுவாரு, நாம கேக்கலேன்னா அதோட கதை முடிஞ்சுரும்.

கேக்கவேண்டியது, எப்ப வலிக்குதுன்னு. அவரு ராத்திரி ரெண்டு மணிக்கே வலியில முழிச்சுக்குறாரு, மார்க்கெட்டுக்கு எப்படியும் சீக்கிரம் எந்திரிக்கணும்ங்கறதால அத ஒரு விசயமாவே எடுத்துக்கல. எந்திரிச்சதும் இடுப்பு கட்டை மாதிரி இருக்கும், குனிஞ்சு செருப்பு போட முடியாது, ஒரு மணி நேரம் ஆகும். ஆனா நாலஞ்சு மூட்டை எறக்கிட்டா இளகிரும். லீவு நாள்ல படுத்தே கெடந்தா இன்னும் மோசம். மூட்டைதான் காரணம்னா இது நேர் தலைகீழால்ல இருக்கணும்? 40 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல வந்து, நடமாடுனா கொறஞ்சு, ஓய்வுல கொறையாம, ராத்திரில எழுப்புது. இந்த அஞ்சுல நாலு இருந்தாலே அழற்சி வலின்னு சந்தேகப்படணும், இவருக்கு அஞ்சுமே இருக்கு. லெட்டரோட முதல் பத்தி இதுதான், ஸ்கேன் ரிப்போர்ட் இல்ல.

அடுத்து, கேட்டாத்தான் வர்ற விசயங்க. வலது கண்ணு ரெண்டு தடவ செவந்து வலிச்சு, வெளிச்சம் பாக்க முடியாம, வாரக்கணக்குல சொட்டு மருந்து போட்ருக்காரு. அதுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்னுதான் அவரு சொல்லல. அம்மாவோட அண்ணனுக்கு சின்ன வயசுலயே முதுகு கூன். இந்த ரெண்டும் இருந்தா லெட்டர் வேற லெட்டராயிரும். கூடவே சொரியாசிஸ், நாள்பட்ட வயித்துப்போக்கு, குதிகால் வலி இதெல்லாம் கேட்டு, இல்லேன்னா இல்லேன்னே எழுதுங்க. (இப்ப கண்ணு செவந்திருந்தா லெட்டருக்குக் காத்திருக்காம அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட அனுப்பிரணும்.)

மாத்திர விசயம் பலபேர் கோட்டை விடுறது. "வலி மாத்திர குடுத்தேன்"னு எழுதாதீங்க. நேப்ராக்ஸன் 500, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரெண்டே நாள்ல நல்லா கொறஞ்சுது, நிறுத்துனதும் திரும்ப வந்துச்சு, அப்படி எழுதுங்க. முழு டோஸ்ல ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள தெளிவா கேட்டா அது ஒரு தடயம். வயித்துப்புண்ணு, கிட்னி பாத்துட்டுக் குடுங்க. ஸ்டீராய்டு மட்டும் வேணாம், வலியையும் அழற்சியையும் மறைச்சு படத்தக் கலைச்சுரும்.

டெஸ்ட்டுன்னு பாத்தா சிஆர்பி, எச்எல்ஏ பி27, இடுப்பெலும்பு எக்ஸ்ரே போதும். சிஆர்பி நார்மலா வந்தாலும் வியாதி இருக்கலாம். பி27 பாசிட்டிவான நெறைய பேருக்கு வியாதியே வராது, நெகட்டிவா இருக்கவனுக்கும் வரும், அதனால ரிசல்ட்டுக்காக லெட்டர நிறுத்தி வைக்காதீங்க. எக்ஸ்ரேல மாற்றம் தெரிய வருசக்கணக்கு ஆகும். அப்புறம் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ. அதுல சேக்ரோ இலியாக் மூட்டு சரியா தெரியாது, அந்த மூட்டுக்குத் தனி எம்ஆர்ஐ இருக்கு. டிஸ்க் பல்ஜ் வலியே இல்லாத ஆளுகளுக்கும் இருக்கும், அதனால லெட்டர் கடைசில ஒரு வரி போதும்.

நம்ம ஊர்ல ஒண்ணு மறக்கக்கூடாது, டிபி. சாயங்காலக் காய்ச்சல், எடை கொறைச்சல், ஒரு எடத்துல அழுத்துனா சுருக்குனு வலி, இதெல்லாம் இல்லேன்னு எழுதுங்க. இருந்தா இந்த லெட்டர் அல்ல, உடனே தனி விசாரணை. காலு மரத்து, ஒன்னுக்கு அடைபட்டா நேரா எமர்ஜென்சி. முன்னாடி டிபி வந்திருந்தா அதுவும் போடுங்க, பின்னாடி குடுக்கப்போற சில ஊசி தூங்குற டிபிய எழுப்பிவிடும்.

[திரையில: புது லெட்டர்]

"28 வயசு, சுமை தூக்குபவர். மூணு வருசமா அழற்சி மாதிரி முதுகுவலி, ராத்திரி எழுப்புது, காலை விறைப்பு ஒரு மணி நேரம், வேலை செஞ்சா கொறையுது. ரெண்டு தடவ கண் அழற்சி, தாய்மாமாவுக்குக் கூன். நேப்ராக்ஸன் 500 ரெண்டு வேளை, ரெண்டே நாள்ல நல்லா கொறஞ்சுது, நிறுத்துனதும் திரும்ப வந்துச்சு. காய்ச்சல், எடை இழப்பு, நரம்பு பலவீனம் இல்ல. ஆக்சியல் ஸ்பாண்டைலோ ஆர்த்ரைட்டிஸ் சந்தேகம், சேக்ரோ இலியாக் எம்ஆர்ஐ தேவையான்னு சொல்லவும்."

கீழ உங்க போன் நம்பர். எக்ஸ்ரே ஃபிலிமயும் பழைய கண் சீட்டையும் அவரு கையிலயே குடுத்து விடுங்க, எதுக்குப் போறோம்னு அவருக்கும் சொல்லுங்க, இல்லேன்னா அங்க போயும் "மூட்டை தூக்குறேன் சார்"னுதான் ஆரம்பிப்பாரு.