எல்லாச் சுமையும் ஏறினால்தான் ஆபத்தா?
(யாழ்ப்பாணத்தில் இளம் பொறியியலாளர்களுக்கும் தள மேற்பார்வையாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

எல்லை நிலை வடிவமைப்பு என்றதும் 1.35, 1.5 என்ற இரண்டு எண்கள்தான் முதலில் வாய்க்கு வரும். நிரந்தரச் சுமையை 1.35 ஆலும் பாவனைச் சுமையை 1.5 ஆலும் பெருக்கிக் கூட்டு, பீமைக் கணக்கிடு, முடிந்தது. பெரும்பாலான பீம்களுக்கு இது சரிதான். இன்று நான் பேசப்போவது, இப்படிப் பெருக்கினால் பாதுகாப்பாகத் தெரிகிற, ஆனால் உண்மையில் பாதுகாப்பில்லாத ஒரு பீமைப் பற்றி.

நிரந்தரச் சுமை என்பது கொங்கிரீட்டின் எடை. சிலாப் பத்து மில்லிமீற்றர் கூடக் குறையப் போகலாமே தவிர, இரு மடங்காகாது. அதனால் காரணி சிறியது. அலுவலகத்தில் ஆட்களும் பைல் அலுமாரிகளும் எங்கே எவ்வளவு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதற்குப் பெரிய காரணி. சரி, இதுவரை எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்தப் பாவனைச் சுமை எங்கே இல்லாமலிருக்கும் என்பதும் நமக்குத் தெரியாது. காரணி போடுகிறபோது பலர் மறப்பது இதைத்தான்.

நகரத்துக்குள் ஒடுங்கிய காணிகளில் கட்டப்படும் அலுவலகங்களைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் வாகனம் நிறுத்த முன்பக்கத்தை உள்ளே இழுத்து, மேல்மாடிகளை வீதிப் பக்கம் நீட்டிவிடுவார்கள். உதாரணத்துக்கு ஒரு மேல்மாடிப் பீம். உள்தூணிலிருந்து முன்தூணுக்கு 3 மீற்றர். முன்தூணைத் தாண்டி 2 மீற்றர் கன்ரிலீவர். உள்தூணுக்குப் பின்னால் படிக்கட்டு இருப்பதால் பீம் அங்கேயே முடிகிறது. மேலே வேறு மாடி இல்லை, தகட்டுக் கூரை மட்டும்.

பீம்களுக்கு இடையில் 4 மீற்றர். 150 மில்லிமீற்றர் சிலாப், பீமின் எடை, தரை ஓடு, சீலிங் எல்லாம் சேர்ந்து மீற்றருக்கு 23 கிலோநியூட்டன். அலுவலகப் பாவனைக்கு சதுர மீற்றருக்கு 2.5, நகர்த்தக்கூடிய தடுப்புகளுக்கு இன்னும் 1. ஆக பீமில் மீற்றருக்கு 14. கன்ரிலீவர் நுனியில் சீமெந்துக் கல் சுவர், யன்னல் கழித்து 30 கிலோநியூட்டன்.

முதலில் எல்லா இடத்திலும் முழுக் காரணியோடு சுமையை ஏற்றுவோம். முன்தூணின் மேல் பீமில் வருகிற வளைவுத் திருப்பம் 185 கிலோநியூட்டன் மீற்றர். உள்தூண் தாங்குவது:

```
R = (1.35×23 + 1.5×14)×3/2 − 185/3 = +16 kN
```

கீழ்நோக்கி 16. தூண் பாரம் தாங்குகிறது, பிரச்சினை இல்லை என்று வரைபடம் போய்விடும்.

நம்முடைய பழைய கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பாரம் மறுபக்கத்தைத் தூக்கும். இங்கே முன்தூண்தான் ஆடுகால். உள்பக்கத்து எடை நமக்கு உதவி செய்கிறது, நுனியிலிருப்பது எதிராக வேலை செய்கிறது. உதவுகிற எடையை 1.35 ஆல் பெருக்கினால், இல்லாத உதவியைக் கணக்கில் எழுதுகிறோம் என்றுதான் அர்த்தம். அதனால்தான் யூரோகோட் EN 1990, சமநிலையைச் சோதிக்கும்போது சாதகமான நிரந்தரச் சுமைக்கு 0.9, பாதகமானதற்கு 1.1 போடச் சொல்கிறது. சாதகமான பாவனைச் சுமைக்குக் காரணி பூச்சியம். உள்பக்கம் எல்லோரும் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள், கன்ரிலீவரில் பைல்கள் அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
R = 0.9×23×3/2 − (1.1×(23×2 + 30×2) + 1.5×14×2)/3 = −22 kN
```

அதே பீம், அதே தூண். சுமையைக் குறைத்ததும் +16 போய் −22 ஆகிவிட்டது. பீமின் உள்முனை மேலே எழும்பப் பார்க்கிறது.

அடுத்து காற்று. 1964 டிசம்பர்ப் புயல் வடபகுதியைத் தாக்கியது, 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. நமக்குக் காற்று ஒரு சடங்குச் சோதனை அல்ல. கூரை உறிஞ்சுதலால் உள்தூணின் தலையில் 12 கிலோநியூட்டன் மேல்நோக்கி இழுப்பதாகவும், அங்கே கூரையின் எடை 3 என்றும் எடுப்போம். எல்லாவற்றையும் 1.5 ஆல் பெருக்கத் தேவையில்லை. கடும் புயலும் நிரம்பிய அலுவலகமும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பது அரிது. ஒன்றைத் தலைமைச் சுமையாக வைத்து மற்றதைக் குறைக்கலாம். குறைக்கும் காரணி அலுவலகப் பாவனைக்கு 0.7, காற்றுக்குப் பிரித்தானிய தேசிய இணைப்பில் 0.5. பாவனையைத் தலைமையாக்கினால் −28 வருகிறது. காற்றைத் தலைமையாக்கினால் −33. எது ஆளும் என்பதை ஊகிக்க முடியாது, இரண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

33 கிலோநியூட்டன் பெரிய விசையா? இல்லை. 500 தரக் கம்பியின் பலத்தை 1.15 ஆல் பிரித்துப் பாருங்கள், ஒரு 10 மில்லிமீற்றர் கம்பியே போதும். தூணில் அதைவிடக் கம்பி எப்போதும் இருக்கும். ஆனால் தூண் கம்பி பீமுக்குள் ஏறி நங்கூரமிட்டிருக்கிறதா, அடியில் இழுவையைத் தாங்கும் ஒட்டு நீளம் இருக்கிறதா? அழுத்தத் தூண் என்று நினைத்து வரைந்தவர் அதைப் பார்த்திருக்கமாட்டார்.

இதைவிட மோசமானது பீமின் மேற்கம்பி. முன்தூணில் 185 என்ற எண் முழுச்சுமையிலும் வருகிறது, உள்பக்கத்தில் பாவனை இல்லாதபோதும் வருகிறது. ஆகவே கம்பியின் அளவு சரியாகவே இருக்கும், நீளம்தான் தவறும். சாதாரணத் தொடர் பீமுக்குப் பழகிய கை, மேற்கம்பியைத் தாங்கியிலிருந்து இடைவெளியின் கால் பங்கு, 0.3 பங்கு என்று வெட்டிவிடும். 3 மீற்றரில் அது ஒரு மீற்றர்கூட இல்லை. உள்முனை எழும்புகிறபோது பீமின் மேல்முகம் முழு 3 மீற்றரும் இழுவையில் இருக்கிறது. கம்பி உள்தூண் வரை போய், கொளுவி, அங்கேயே நங்கூரமாக வேண்டும். வெட்டிய இடத்தில் விரிசல் மேல்பக்கத்தில்தான் வரும், ஓட்டுக்கு அடியில். கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. முன்தூணிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தரை ஓடு நேர்கோட்டில் பிளந்தாலோ, நுனிச் சுவரின் யன்னல் இறுகினாலோ சந்தேகப்படுங்கள்.

மென்பொருள் இதைத் தானாகப் பிடிக்கும் என்று சொல்வீர்கள். பாவனைச் சுமையை ஒரே சுமைநிலையாகக் கொடுத்திருந்தால் பிடிக்காது. அது உள்பக்கத்திலும் கன்ரிலீவரிலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எத்தனை சேர்க்கை எழுதினாலும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். சாதகமான பக்கத்துக்கு 0.9 உள்ள சேர்க்கையை நீங்களே எழுத வேண்டியும் வரலாம். அப்புறம், பழைய BS 8110 இன் 1.4, 1.6 ஐ யூரோகோட்டின் குறைக்கும் காரணிகளோடு கலக்காதீர்கள். அவை ஒரு குடும்பமாகத் தேர்ந்தெடுத்த எண்கள்.

ஒருவர் கேட்டார், உள்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் பாரம் சமனாகிவிடாதா என்று. ஆகும், அடுத்த வாடகைக்காரர் அதை உடைக்கும்வரை. பிறகு அகற்றக்கூடிய எதையும் சாதகமான எடையாக எடுக்கக்கூடாது.

தளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. தரை ஓடும் சீலிங்கும் வராத நிலையில் இந்தப் பீமின் எடை மீற்றருக்கு 17.6 தான். முட்டுகளை எடுத்துவிட்டு, ஓடு பதிக்குமுன் நுனிச் சுவரைக் கட்டினால், எந்தக் காரணியும் போடாமலே உள்முனையில் 5 கிலோநியூட்டன் மேல்நோக்கி வந்துவிடுகிறது. கன்ரிலீவரின் முட்டு நிற்கட்டும். உள்பக்கத் தரை வேலை முடிந்த பிறகு சுவர் எழும்பட்டும். முட்டு எடுப்பதானால் நுனியிலிருந்து தூணை நோக்கி எடுங்கள்.