காஜிப்பூர் வானத்தில் 2,500 பருந்துகள்

நேயர்களுக்கு வணக்கம். டெல்லியில் பறவைகளைப் பார்த்துக் கணக்கெடுப்பவர்களில் நானும் ஒருத்தி. இன்று ஒரே ஒரு இரவைப் பற்றியும், அந்த இரவில் நான் செய்த தவறு எப்படித் திருத்தப்பட்டது என்பதைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். காலேஜ் பிள்ளைகள், ரிடையர் ஆனவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்று யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கி வைத்த பதிவேடு அது. ஏற்றுகிற பட்டியலை முதலில் ஒரு ஃபில்டர் பார்க்கும். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு பறவைக்கும், வருடத்தின் எந்தக் காலத்தில் அதிகபட்சம் எத்தனை எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அந்தப் பதிவு தனியே ஒதுங்கி நிற்கும். பிறகு ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்த்து, உறுதி செய்ய வேண்டும் அல்லது வேண்டாம் என்று வைக்க வேண்டும். அப்படிப் பார்ப்பவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான். பகலில் அவரவர்க்கு வேலை இருக்கும் என்பதால் இந்த வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும்.

அந்த வருடம்தான் நானும் அப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். பல வருடமாக டெல்லியில் இருப்பவர், எங்களுக்கெல்லாம் அண்ணா. "சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்" என்று சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் பிரச்சினையாகிப் போனது.

கணக்கெடுப்பின் இரண்டாம் நாள் இரவு, பதினொன்றரை மணி இருக்கும். கம்பளிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். லோதி தோட்டத்திலிருந்து ஒரு பட்டியல். காலையில் அரை மணி நேரம் நடந்திருக்கிறார்கள். மைனா 14, பச்சைக்கிளி 20, கரும்பருந்து 1,200. மற்றதெல்லாம் பத்தும் இருபதுமாக இருக்க, பருந்து மட்டும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. விரல் தவறி இரண்டு பூஜ்ஜியம் கூட விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கேட்டு எழுதினேன். "ஐயோ, 12தான்" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஃபில்டர் எதற்காக இருக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிந்த இடம் அது. புரிந்த அந்தத் தெம்பில்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

அடுத்த பட்டியல் மயூர் விஹார் மூன்றாம் பகுதியிலிருந்து. கரும்பருந்து 2,500. அந்த மாதத்திற்கு டெல்லி முழுவதற்கும் வைத்திருந்த வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். எழுதியவருக்கு அதுதான் முதல் பட்டியல். படம் இல்லை. எண்ணோ முழு எண். இதுவும் பூஜ்ஜியக் கதைதான் என்று நினைத்தேன், இந்த முறை கேட்கக்கூட இல்லை. உறுதி செய்ய வேண்டாம் என்று வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். பார்த்தவருடைய சொந்தப் பட்டியலில் அந்தப் பதிவு அப்படியே இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள். ஆனால் ஆய்வு செய்பவர்கள் எடுத்துப் பார்க்கிற தரவில் அது வராது. அவர்களைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்த இடத்தில் அந்தப் பருந்துகள் பறக்கவே இல்லை.

மறுநாள் இரவு அந்த 2,500ஐ எழுதியவரிடமிருந்து தமிழில் ஒரு மின்னஞ்சல். "அம்மா, நான் முப்பத்து நான்கு வருடம் சர்க்கார் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவன். எண்ணத் தெரியாதவன் இல்லை. என்ன தவறு என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்." கோபமே இல்லாத கடிதம். எனக்குத்தான் கை நடுங்கியது. அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் போனில் கேட்டது ஒரே கேள்வி: "இடத்தைப் பார்த்தியா?"

திறந்து பார்த்தேன். வரைபடத்தில் அந்தப் புள்ளி காஜிப்பூர் குப்பை மேட்டுக்கு நேர் எதிரே இருந்தது. 1984இலிருந்து டெல்லியின் குப்பை அங்கே சேர்கிறது. பக்கத்திலேயே இறைச்சிக் கூடம், கோழிச் சந்தை, மீன் சந்தை. நேரத்தைப் பார்த்தேன். மாலை ஐந்து மணியிலிருந்து முக்கால் மணி நேரம், ஒரே இடத்தில். கீழே குறிப்பு வேறு எழுதியிருந்தார்: "அடையப் போகும் நேரம். சில பருந்துகளுக்குச் சிறகின் அடியில் வெளிர் திட்டு." லோதி தோட்டத்துப் பட்டியலில் மற்ற எண்களோடு ஒப்பிட்டு, நேரம் பார்த்து, கேட்டு முடிவு செய்த நான், இங்கே எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். கண் முன்னால் இருந்த எதையும் படிக்கவில்லை.

அந்த வெளிர் திட்டுதான் விஷயம். டெல்லியில் வருடம் முழுக்க இருக்கிற கரும்பருந்து ஒரு வகை. குளிர்காலத்தில் இன்னொரு வகை வந்து சேரும். உருவில் கொஞ்சம் பெரிது, கண்ணுக்குப் பின்னால் காதுப் பக்கம் கறுப்பாக இருக்கும், பறக்கும்போது இறக்கையின் நுனிச் சிறகுகளின் அடியில் வெளிர் திட்டு பளிச்சென்று தெரியும். டெல்லியில் சிலவற்றின் முதுகில் கருவி பொருத்திப் பார்த்தபோது, அவை இமயமலையைத் தாண்டிக் கசகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா பக்கம் போய் முட்டையிடுகின்றன என்று தெரியவந்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்து இங்கே குப்பை மேட்டைச் சுற்றிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உள்ளூர்ப் பருந்து கூடு கட்டினால் தன் மரத்தைச் சுற்றிப் பரவலாக இருக்கும். வந்தவை கூட்டமாக ஒரே இடத்தில் சேரும். ஊர் முழுவதற்கும் ஒரே வரம்பு வைத்தால் இந்த இரண்டு வாழ்க்கையையும் ஒரே அளவுகோலால் அளந்தது போல ஆகிவிடும்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். நேரில் பார்த்ததும் 'சார்' போய் 'மாமா' ஆகிவிட்டது. மூன்றாவது மாடி. மாமி காப்பி கொடுத்துவிட்டு, "இவரோடு பால்கனியில் நின்றால் குளிரும், ஷாலை எடுத்துக்கோ" என்றார். பால்கனியில் கம்பி கிரில். மாமா எனக்கு எண்ணும் முறையைக் காட்டினார். கிரிலில் பத்து இடைவெளி. நாற்காலியை ஒரே இடத்தில் போட்டு, தலையை நகர்த்தாமல், ஒரு இடைவெளிக்குள் தெரிகிற பருந்துகளை மட்டும் ஒன்றொன்றாக எண்ணுகிறார். அப்புறம் அடுத்தது. பத்தும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. பருந்துகள் வட்டமிட்டு மேலே ஏறுவதால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணுகிற ஆபத்து உண்டு என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால் மூன்று சுற்று எண்ணி, மூன்றிலும் குறைந்ததை எடுத்து, அதையும் கீழே முழு எண்ணாக்கி எழுதுவாராம். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்: 2,910, 2,640, 2,780. எழுதி அனுப்பியது 2,500. முழு எண்ணாக இருக்கிறதே என்று நான் சந்தேகப்பட்டது, அவர் ஜாக்கிரதையாக இருந்ததன் அடையாளம்.

ஐந்தரை மணிக்கு மேட்டின் மேல் வானம் முழுக்கப் பருந்துகள் சுழன்றுகொண்டிருந்தன. நானும் எண்ணினேன். நான்காவது இடைவெளியிலேயே கணக்கு தவறியது.

திரும்பி வந்து அண்ணாவிடம் சொன்னேன், "வரம்பைத் தூக்கிவிடலாம். டெல்லி முழுக்க 3,000 என்று வைத்துவிடலாம்." அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படி வைத்தால் லோதி தோட்டத்து 1,200 யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்" என்றார். சரிதான். வரம்பு தேவைதான், இந்த இடத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. காஜிப்பூரைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சின்ன எல்லை போட்டு, அதற்கு மட்டும் தனி வரம்பு வைத்தோம். அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். ஜூலையில் அங்கே யாராவது 2,500 எழுதினால் ஃபில்டர் நிறுத்தத்தான் வேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் பருந்துகள் அப்போது இங்கே இல்லை. குப்பை மேட்டைக் கரைத்துக் குறைக்கும் வேலையும் நடக்கிறது. அது குறையக் குறைய நாங்கள் போட்ட எண்ணும் பொருந்தாமல் போகும், திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய எண்ணைத் தள்ளிவிட்டால் என்ன நஷ்டம் என்று அண்ணா எனக்குப் புரிய வைத்த விதத்தை மறக்க முடியாது. கலூஷின் என்ற ரஷ்ய ஆய்வாளர் டெல்லியின் வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுத்து 1971இல் வெளியிட்டார். சுமார் 150 சதுர கிலோமீட்டரில் கரும்பருந்து சுமார் 2,400 ஜோடி, பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்த வகையான வெண்முதுகுப் பாறு சுமார் 400 ஜோடி. நகரத்துக்குள் கூடு கட்டிய பாறுகள், நானூறு ஜோடி! பிற்பாடு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். "இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் அன்று ஒருவர் இருந்து, நகரத்துக்குள் நானூறு ஜோடியா, நம்ப முடியாது என்று தள்ளியிருந்தால்? நாம் எதை இழந்தோம் என்றே நமக்குத் தெரிந்திருக்காது" என்றார் அண்ணா.

அன்று இரவே மாமாவின் பதிவை உறுதி செய்தேன். எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் மாமாவின் பட்டியல் எங்கும் நிற்காமல் நேராக உள்ளே போனது. கரும்பருந்து 2,300. கீழே ஒரு வரிகூடக் குறிப்பு இல்லை. ஃபில்டர் நிறுத்தினால்தான் விவரம் எழுதச் சொல்லிக் கேட்கும். நாங்கள் தனி வரம்பு வைத்ததில் அந்தக் கேள்வியும் நின்றுபோயிருந்தது, இதை யாருமே யோசிக்கவில்லை. அன்று ராத்திரி மாமாவே போன் பண்ணினார். "என்னம்மா, இந்தத் தடவை ஒன்றுமே கேட்கவில்லையே? மூன்று சுற்று எண்ணிய தாளை எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். கேட்காவிட்டாலும் எழுதுங்கள் மாமா என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டியலைத் திரும்பத் திறந்தேன். குறிப்பு வந்திருந்தது: "2,410, 2,300, 2,520. குறைந்ததை எழுதியுள்ளேன். மேட்டின் வடக்குப் பக்கம் போன வருடத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது."