ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி, புதன்கிழமை சிங்க் மணம்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை, கொஞ்சம் அருவருப்பான வேலை. சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கோ.

கொக்குவில் வீட்டுக் குசினியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைத்தோம். திங்கள் ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் பின்னேரம் குழாயைத் திறந்தபோது லேசாக ஒரு மணம். இன்றைக்குக் காலையில் தேத்தண்ணி போட வந்த அம்மா, "எங்கையோ எலி செத்துக் கிடக்குது" என்று அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினா. எலி இல்லை. சிங்க்தான்.

சரி, சிங்குக்குக் கீழே கதவைத் திறக்கிறேன். இந்த வெள்ளைப் போத்தல் மாதிரித் தொங்குகிறதே, ஹார்ட்வெயார் கடையில் பொட்டில் ட்ராப் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். இதற்குள் எப்போதும் இரண்டு அங்குலம் அளவு தண்ணீர் நிற்கும். வெளியே குழியில் இருந்து வரும் காற்றை அந்தத் தண்ணீர்தான் மறிக்கிறது. நீங்கள் இரண்டு மூன்று கிழமை கொழும்பில் நின்றுவிட்டு வந்து, வீட்டைத் திறந்ததும் சிங்க் நாறினால், அந்தத் தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் பாருங்கள், மணம் நின்றால் அதோடு கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, ஓடும்போதுதான் மணம் கூடுகிறது. அப்படியென்றால் அழுகுவது குழிக்குள் இல்லை, நமக்கும் அந்தத் தண்ணீருக்கும் இடையில்தான்.

சில பழைய வீடுகளில் ட்ராப்பே இருக்காது. சிங்கில் இருந்து ஒரு நெளிவுக் குழாய் நேராகச் சுவரைத் துளைத்து வாழைப்பாத்திக்குப் போகும். அப்படி இருந்தால் என்ன கழுவினாலும் மணம் திரும்பி வரும், முதலில் ஒரு ட்ராப் பூட்டுங்கள்.

இனி கழற்றுகிறேன். அடியில் வாளி வைத்தாச்சு. கீழ்க் கிண்ணத்தைக் கையால் இடப்பக்கம் திருகினால் போதும், ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். ம்ம்... கமெராவுக்கு மணம் தெரியாதது உங்கள் அதிர்ஷ்டம்.

கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். சாம்பல் நிறம், நனைந்த மெழுகு மாதிரி. இதில் ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு, கொஞ்சம் கடுகு, தேங்காய்ப்பூச் சக்கை, சோற்றுப் பருக்கை. தேங்காயெண்ணெய் கிட்டத்தட்ட 24 பாகையில்தான் உறையும், மார்கழி விடியற்காலையைத் தவிர யாழ்ப்பாணத்தில் அது உருகியே ஓடும். ஆட்டுக் கொழுப்பு அப்படியில்லை, நமது வெயிலிலும் கட்டியாகவே நிற்கும். சட்டியைச் சுடச்சுடக் கழுவும்போது கரைந்து போன மாதிரி இருக்கும், ஒரு முழம் தள்ளிக் குழாய்ச் சுவரில் ஆறி ஒட்டிக்கொள்ளும். அதில் பருக்கை ஒட்டும், அதன் மேல் இன்னொரு கொழுப்புப் படலம் மூடும். உள்ளே காற்றுப் படாது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் மீன், இறைச்சி, வெங்காயம் இவற்றில் உள்ள கந்தகத்தைப் பிரித்து விடுகிற வாயுதான் அந்தக் கூழ்முட்டை மணம்.

இப்போது இதை விரலால் நசுக்கிப் பார்க்கிறேன். நடுவில் வெள்ளைப் பொடி மாதிரி நறநறக்கிறது. இது வெறும் கொழுப்பு இல்லை. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியம் கொழுப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு கட்டிச் சவர்க்காரம் உண்டாகும். சுடுதண்ணீர் ஊற்றினாலும் அது இளகிப் போகாது. அதனால்தான் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது.

கிண்ணத்தைச் சுரண்டிக் கழுவியாச்சு. பலர் இதோடு விட்டுவிடுவார்கள். வடிக்குப் பக்கத்துக் குழாயை, சிங்க் ஓட்டைக்கும் ட்ராப்பிற்கும் நடுவில் உள்ள இந்தக் கட்டைத் துண்டைத் தொட்டுப் பாருங்கள்: சளி மாதிரி வழுக்குகிறது. தண்ணீருக்கு மேலே இருப்பதால் இதன் மணத்தை மறிக்க ஒன்றுமே இல்லை. போத்தல் கழுவும் பிரஷ், சட்டி கழுவும் திரவம் ஒரு கரண்டி, மேலும் கீழும் இருபது முப்பது தரம். அப்புறம் சிங்கின் மேல் விளிம்பில் நிரம்பினால் தண்ணீர் போகிற ஓட்டை. அதற்குள் பழைய பல் தூரிகையை விட்டால் கறுப்பாக வரும். எங்கள் வீட்டில் அதை யாருமே ஒருநாளும் கழுவியதில்லை, நானும் உட்பட.

கொஸ்டிக் சோடா போடலாமே என்று கேட்பீர்கள். அது தண்ணீரில் கரையும்போது கடும் சூடு வரும், பிவிசி குழாய் இளகலாம், கொழுப்பும் சவர்க்காரமாகி உள்ளேயே இறுகலாம். பிறகு கழற்றுகிறவருக்கு அந்தக் காரத் தண்ணீர் முகத்தில் தெறிக்கலாம். அப்பச் சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் நுரை அழகாக வரும், ஒன்றை ஒன்று முறித்துவிட்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். பிளீச் போட்ட இடத்தில் வினாகிரியோ, கக்கூஸ் கழுவும் அசிட்டோ ஊற்றவே வேண்டாம், குளோரின் வாயு வரும். சோறு வடித்த கொதிகஞ்சியை நேரே ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன். சூடு குழாய்க்கு ஆகாது, கஞ்சி படிந்து ஒட்டுகிறது. ஆறவிட்டு வாழைக்கு ஊற்றுகிறோம்.

இனிமேல் வீட்டு வழக்கம் என்னவென்றால், இறைச்சிச் சட்டியைத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் பழைய பேப்பரால் வழித்து எடுப்பது. ஆறினதும் செய்யுங்கள், கொழுப்பு உறைந்து நன்றாக வரும். இதோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டி மூடியை இன்றைக்குத் துடைத்த பேப்பர், பாருங்கள், எவ்வளவு வெள்ளை! இது முழுக்கக் குழாய்க்குள் போயிருக்கும். பேப்பர் குப்பைக்கு, கோப்பையில் மிஞ்சினதும் அப்படித்தான். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, "தண்ணியில கழுவினா போகுது தானே" என்றா. ஆனால் இன்றைக்கே காலைப் பேப்பர், நான் படித்து முடிப்பதற்குள்ளேயே காணாமல் போய்விட்டது. சிங்க் ஓட்டையில் நுண்ணிய கம்பி வடி ஒன்று, ராத்திரிக் கடைசி வேலையாகக் கவிழ்த்துத் தட்டுவது. மீன் வெட்டுவதும் கழுவுவதும் கிணற்றடியில், குசினிக்குள் இல்லை.

ஞாயிறு ராத்திரி இரண்டு லீற்றர் சுடுதண்ணீர், கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே, திரவம் ஒரு கரண்டி கலந்து ஒரே ஊற்றாக ஊற்றுவேன். வழித்து எடுக்காமல் இதை மட்டும் செய்தால் கொழுப்பைச் சுவருக்கு அப்பால் தள்ளுகிறீர்கள், அவ்வளவுதான். ட்ராப்பை மாதம் ஒருக்கா கழற்றுவது. கழற்றி எல்லாம் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாக இறங்கிக் களக் களக் என்று சத்தம் போட்டால் அடைப்பு சுவருக்கு அப்பால். அதற்கு நான் பிளம்பரைத்தான் கூப்பிடுவேன்.

சரி, பூட்டுகிறேன். றப்பர் வளையம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கை நிரப்பித் திறந்துவிட்டு, காய்ந்த ரிஷ்யூவை மூட்டைச் சுற்றிப் பிடிக்கிறேன்... ஒரு பக்கம் நனைகிறது. வளையம் மடிந்துவிட்டது. திரும்பக் கழற்றி, நேராக்கி, இன்னொரு தரம். இப்போது காய்ந்தே இருக்கிறது.

அம்மா! ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ.