வடசேரி எப்படி வடசோியானது? தமிழ் ஆவணத்தைப் பழுதில்லாமல் அச்சுக்கு அனுப்புவது

[திரையில்: ஒரே வரியில் இரண்டு சொற்கள். நாகர்கோவில், நாகா்கோவில்]

வணக்கம். இந்த இரண்டு சொற்களையும் நன்றாகப் பாருங்கள். பல எழுத்துருக்களில் இவற்றுக்கிடையே ஒரு புள்ளி வித்தியாசம்கூடத் தெரியாது. கணினிக்கோ முதல் சொல் மட்டுமே நாகர்கோவில். இரண்டாவது, உலகில் எந்த ஊரின் பெயரும் இல்லை.

நான் வடசேரியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பென் டிரைவோடு வந்தார். பதினான்கு பக்கத்தில் பொதுக்குழுத் தீர்மானத் தொகுப்பு. "அண்ணாச்சி, இதில் நாகர்கோவில் என்று வருகிற இடத்திலெல்லாம் 'நாகர்கோவில் மாநகராட்சி' என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை" என்றார். தேடு பெட்டியில் நாகர்கோவில் என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது கணினி. முதல் பக்கத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஐந்து நிமிட வேலை ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது. அந்த மாலையில் செய்ததைத்தான் இந்த வீடியோவில் காட்டப் போகிறேன்.

[திரையில்: பாமினி எழுத்துருவில் அடித்த சொற்கள், எழுத்துருவைக் கழற்றிய பிறகு]

```
ehfh;Nfhtpy;
fd;dpahFkhp
tlNrhp
```

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கும். முகமூடியைக் கழற்றினால் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் வடசேரியும் இப்படித்தான் நிற்கும். முதல் சொல்லில் ர் இருக்கவேண்டிய இடத்தைப் பாருங்கள். அங்கே h என்ற எழுத்தும் அரைப்புள்ளியும் இருக்கின்றன. அதே h-தான் "நா"வின் துணைக்காலும்.

இது சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை. பழைய அச்சு மரபில் ர், ரி, ரீ மூன்றுக்கும் கீழே வால் கிடையாது. வால் இல்லாத ர-வும் துணைக்காலும் ஒரே வடிவம். விசைப்பலகையில் இடம் குறைவு என்பதால் எழுத்துருவை வடிவமைத்தவர்கள் ஒரே விசையால் இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டார்கள். தாளில் அச்சடிக்கும் வரை அதில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல், அதை யூனிகோடுக்கு மாற்றும்போது வருகிறது. மாற்றி நிரல் கவனமாக எழுதப்படாவிட்டால், h-ஐக் கண்ட இடமெல்லாம் துணைக்கால் என்று எடுத்துக்கொள்ளும்.

```
நாகா்கோவில்   ->  0BBE 0BCD   (துணைக்கால் + புள்ளி)
நாகர்கோவில்   ->  0BB0 0BCD   (ர + புள்ளி)
```

இந்தப் பிழை செய்திகளில், கோயில் அழைப்பிதழ்களில், மனுக்களில் எங்கும் உலவுகிறது. கன்னியாகுமரி "கன்னியாகுமாி" ஆகிவிடும். எங்கள் வடசேரிக்கு நேர்வது இன்னும் மோசம். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்பே அடிக்கப்படும். N, r, h என்று வரிசையாகப் பார்த்த மாற்றி, "ஓகோ, இது சோ" என்று முடிவுகட்டிவிடுகிறது. பின்னால் வருகிற சுழி அதன் தலையில் ஏறி "வடசோி" ஆகிவிடுகிறது. "சேர்ந்த" என்பது "சோ்ந்த" ஆவதும், "பெரிய" என்பது "பொிய" ஆவதும் இதே வழியில்தான்.

[திரையில்: வேர்டு ஆவணம், சொல்லின் நடுவே சுட்டி துடிக்கிறது]

பிழையா, சரியா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ர்-க்குப் பின்னால் சுட்டியை வைத்து Backspace விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். தமிழில் அது புள்ளியை மட்டும் நீக்கும். மிஞ்சுகிற எழுத்துக்கு வால் முளைத்தால் அது உண்மையான ர. வால் இல்லாமல் வெறும் கால் நின்றால் அது துணைக்கால். பார்த்து முடித்ததும் Ctrl+Z கொடுத்துவிடுங்கள்.

திருத்துவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. துணைக்காலுக்குப் பின் சுழியும் வராது. ஆகவே அப்படி வருகிற ஒவ்வோர் இடமும் பிழைதான், மொத்தமாக மாற்றிவிடலாம். Ctrl+H அழுத்தி, பிழையான துண்டை ஆவணத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள்.

```
ா்  ->  ர்
ாி  ->  ரி
ாீ  ->  ரீ
ோ்  ->  ேர்
ோி  ->  ேரி
ொ்  ->  ெர்
ொி  ->  ெரி
```

முதல் இரண்டு மூன்று இடங்களை Find Next கொடுத்துக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு Replace All கொடுங்கள். இது முடிந்த பின், செயலாளர் கேட்ட "மாநகராட்சி" மாற்றம் ஒரே சொடுக்கில் நடந்தது.

ஒன்று விடுபட்டுவிட்டது. "கௌ" என்ற எழுத்தில் கடைசியில் இருப்பது ள போலவே தெரியும். ஆனால் அது ள-வே இல்லை. ஒற்றைக்கொம்பு, க, ள என்று தனித்தனியாக அடித்த "கெள" கண்ணை ஏமாற்றும், தேடலில் சிக்காது. இதை மொத்தமாக மாற்றாதீர்கள். "தெளிவு" என்ற சொல்லில் இருப்பது உண்மையான ள. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

[திரையில்: Font பெட்டி, Complex scripts பகுதி]

அடுத்தது எழுத்துரு. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் TACE16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் TAU என்று தொடங்கும் பெயர்களில் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. அரசு அலுவலகக் கடிதங்களில் நீங்கள் பார்க்கிற TAU-Marutham அவற்றில் ஒன்று. அழகான எழுத்து. ஆனால் பெறுபவர் கணினியில் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும். Latha எல்லோரிடமும் இருக்கும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 10-இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய உபரி எழுத்துருவாகிவிட்டது. விண்டோஸ் 8 முதல் கணினியோடு வருவது Nirmala UI. ஆகவே என் வழக்கம் இது: பலர் கைமாறித் திருத்தப்போகிற ஆவணம் என்றால் Nirmala UI. கடைசி வடிவம் PDF-தான் என்றால் விருப்பமான எழுத்துரு எதுவானாலும் சரி.

வேர்டில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்று பலர் வந்து நிற்கிறார்கள். வேர்டு ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு எழுத்துருக்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு Complex scripts என்ற பெயரில் இன்னொன்று. அளவும் தடிமனும்கூட இரண்டுக்கும் தனித்தனி. Style-இல் மேலே 14 என்று வைத்துவிட்டுக் கீழே 11 என்று விட்டால், தமிழ் 11-இலேயே நிற்கும். Ctrl+D அழுத்திப் பாருங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால், வேர்டின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும்.

நம் ஆவணங்களில் தேதி, தீர்மான எண், தொகை எல்லாம் 1, 2, 3 என்ற எண்களில் வருகின்றன. அவை ஆங்கிலப் பக்கத்து எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதனால் "தீர்மானம் 7" என்பதில் தீர்மானம் ஒரு பருமனிலும் 7 வேறொரு பருமனிலும் நிற்கும். இரண்டு இடத்திலும் Nirmala UI கொடுத்தால் தீர்ந்தது. அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு.

[திரையில்: 12 புள்ளி எழுத்து, வரி இடைவெளி Exactly 14. மேலே சுழிகள் நறுக்கப்பட்டிருக்கின்றன]

இதோ அடுத்த காட்சி. சங்கத்தின் ஆவணத்தில் ஒரு பக்கத்தை மிச்சப்படுத்த யாரோ வரி இடைவெளியை Exactly 14 என்று வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு மேலே சுழியும் புள்ளியும், கீழே "நூ", "பு" போன்றவற்றின் வாலும் உண்டு. "நீதிமன்றம்" என்பதில் நீ-யின் சுழி நறுக்கப்பட்டு "நதிமன்றம்" போலத் தெரிந்தது. ஆற்றங்கரையில் வழக்காடுகிறார்கள் போலும்.

Single அல்லது Multiple என்று வைத்தால் எதுவும் நறுக்கப்படாது. ஆனால் அப்போது வரியின் உயரத்தை எழுத்துருவே முடிவுசெய்யும். இன்னொரு கணினியில் எழுத்துரு மாறினால் உயரமும் மாறும். கையெழுத்து வரி அடுத்த பக்கத்துக்குத் தனியே ஓடிவிடும். பக்க எண்ணிக்கை மாறக்கூடாத ஆவணத்துக்கு நான் 12 புள்ளி எழுத்தோடு Exactly 20 வைக்கிறேன். பிறகு சோதனைக்கு இரண்டு வரி அடித்து ஒரு தாளில் எடுத்துப் பார்க்கிறேன்:

```
நூற்றாண்டு புதூர் தூத்தூர் ஜூன்
நீதி அகஸ்தீஸ்வரம் ஸ்ரீ கௌரி
```

மேல்வரியின் வால்களும் கீழ்வரியின் சுழிகளும் ஒன்றையொன்று தொடாமல், முழுதாக வந்தால் போதும். தொட்டால் 21, 22 என்று ஏற்றுங்கள்.

[திரையில்: Save As, PDF, Options]

இனி PDF. சேமிக்கும்போது Options-இல் PDF/A என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகையில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிப்பது கட்டாயம். பதிந்ததா என்று பார்க்க, Adobe Reader-இல் Ctrl+D அழுத்தி Fonts பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் Embedded Subset என்று இருக்க வேண்டும். லினக்ஸில் ஒரே வரிதான். emb என்ற பத்தியில் எல்லாம் yes என்று வர வேண்டும்:

```
pdffonts theermanam.pdf
```

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். PDF பார்வைக்குச் சரியாக இருந்தாலும், அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி வருவது உண்டு. ஆகவே மறுபடி திருத்த வாய்ப்புள்ள கோப்பு என்றால் வேர்டு பிரதியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

செயலாளர் அச்சுக்கு மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனார். அங்கே PDF-ஐ CorelDRAW-வில் திறந்ததும் எழுத்துகள் சிதறின. தொலைபேசியில் என்னிடம், "அண்ணாச்சி, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கிறது" என்றார். கோப்பில் பழுதில்லை. திறக்கும்போது வருகிற பெட்டியில், எழுத்தை Text ஆக எடுப்பதா, Curves ஆக எடுப்பதா என்று அந்த மென்பொருள் கேட்கும். Text என்றால் அது தமிழைத் தானே மறுபடி அடுக்கப் பார்க்கும். Curves என்றால் எழுத்துகள் கோடுகளாக வரும். திருத்த முடியாது, சிதறவும் சிதறாது. அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மெய்ப்புத் தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதலில் தேடியது எங்கள் ஊரின் பெயரைத்தான். மூன்றாவது பக்கத்தில், வடசேரி என்றே இருந்தது.